சுவிஸில் பிறந்த பிள்ளை இலங்கைக்கு ஆடலாமா? குடும்பங்கள் விடும் தவறுகள்

போன ஆகஸ்ட் மாதம் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் பின்னேர உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்து பந்துகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். பேர்ன் நகரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம். மகனுக்கு 19 வயது, இடக்கால்காரன், எங்கள் பொடியன்களோடு ஒரு மணிநேரம் ஆடியதிலேயே ஆட்டம் தெரிந்துவிட்டது. தகப்பன் கேட்டார்: “சேர், நான் கல்லடி, மனிசி களுவாஞ்சிகுடி. இவன் எங்கட பிள்ளைதானே. அங்க சரிவராட்டி இலங்கைக்கு விளையாடலாம்தானே?”

“அங்க சரிவராட்டி” என்று பொறுத்திருப்பதுதான் இந்த விஷயத்தில் குடும்பங்கள் விடும் முதல் தவறு. பிஃபாவின் விதியில் பெற்றோர் பிறந்த ஊரும் பிள்ளையின் குடியுரிமையும் இரண்டு தனித்தனிப் பூட்டுகள். முதல் பூட்டுக்கான திறப்பு இந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. பிற்காலத்தில் குடியுரிமை பெறுகிற ஆட்டக்காரர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அவரைப் பெற்ற தாயோ தகப்பனோ, பாட்டனோ பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் அவர் அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். பூட்டன், பூட்டி வரை போக முடியாது. வளர்ப்புத் தகப்பன் கணக்கில் வராது, இரத்த உறவைத்தான் விதி கேட்கிறது. ஆனால் இதெல்லாம் இருந்தும் இலங்கைக் குடியுரிமை இல்லையென்றால் இலங்கைச் சட்டையைப் போட முடியாது.

பொடியனின் குடியுரிமையைத் தோண்டத் தொடங்கினோம். தகப்பன் 2004 இல் சுவிஸ் குடியுரிமை எடுத்தவர். வெளிநாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பி எடுத்தவருக்கு, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காப்பாற்றாவிட்டால், இலங்கைக் குடியுரிமை போய்விடும். அவர் விண்ணப்பிக்கவில்லை. எனவே 2006 மார்ச்சில் மகன் பிறந்தபோது அவர் இலங்கையர் அல்ல. தாயோ அப்போதும் இலங்கைக் கடவுச்சீட்டில்தான் இருந்தார், சுவிஸ் குடியுரிமையை 2012 இல்தான் எடுத்தார். 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய்வழியாகவும் இலங்கைக் குடியுரிமை வரும். ஆக, இந்தப் பிள்ளைக்குத் தாய் வழி ஒன்றுதான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். அதையும் செய்யவில்லை. தாமதத்துக்குக் காரணம் காட்டி அனுமதி கேட்டுப் பதியும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதற்குக் காலம் எடுக்கும்.

அந்தக் காலம்தான் இவர்களிடம் குறைவு. பொடியன் 2022 இல் சுவிஸின் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஐரோப்பியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் ஒன்றில் இறங்கியிருக்கிறான். அது உத்தியோகபூர்வப் போட்டி, சிநேகபூர்வ ஆட்டம் அல்ல. அப்போது அவனிடம் இலங்கைக் குடியுரிமை இல்லை. இப்படிப்பட்டவருக்குப் பிஃபா ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: தேசிய முதன்மை அணிக்கு உத்தியோகபூர்வ ஆட்டம் ஆடியிருக்கக் கூடாது, பழைய நாட்டுக்குக் கடைசியாக உத்தியோகபூர்வ ஆட்டத்தில் இறங்கியபோது 21 வயது நிரம்பியிருக்கக் கூடாது, பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி வழித் தொடர்பு போன்ற ஒன்று இருக்க வேண்டும்.

இங்கேதான் பெயர் ஏமாற்றுகிறது. “21 வயதுக்குட்பட்டோர்” ஐரோப்பியக் கிண்ணத்தில் 21 வயது தாண்டியவர்களும் ஆடலாம். வயது தகுதிகாண் சுற்று தொடங்கும் காலத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், 2027 கோடை இறுதிச்சுற்றில் 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் இறங்கலாம். இந்தப் பொடியனுக்கு 2027 மார்ச்சில் 21 நிரம்புகிறது. அந்தக் கோடையில் சுவிஸ் அவனைக் கூப்பிட்டு, கடைசி ஐந்து நிமிடம் இறக்கினாலும் இலங்கைக் கதவு சாத்திவிடும். “இளைஞர் அணிதானே, பரவாயில்லை” என்று நினைப்பது இரண்டாவது தவறு.

இதே பொடியன் 2006 இலேயே பதியப்பட்டிருந்தால் நிலைமை வேறு. முதல் உத்தியோகபூர்வ ஆட்டத்துக்கு முன்பே மற்ற நாட்டின் குடியுரிமை கையில் இருந்தவருக்கு, இளைஞர் அணிகளில் மட்டும் ஆடியவரையில், இந்த 21 வயது எல்லை கிடையாது. முதன்மை அணிக்கு ஆடிவிட்டால்கூட அவருக்கு ஒரு வழி இருக்கிறது. முனீர் எல் ஹதாதி என்ற ஆட்டக்காரரின் கதை அதைத்தான் காட்டுகிறது. 2014 செப்டெம்பரில், 19 வயதில், மாசிடோனியாவுக்கு எதிராக ஸ்பெயினுக்கு 13 நிமிடம் ஆடினார். அது ஐரோப்பியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம். பிறகு மொரோக்கோவுக்கு ஆடக் கேட்டபோது, 2018 இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம்வரை போயும் கிடைக்கவில்லை. 2020 செப்டெம்பரில் பிஃபா விதியைத் தளர்த்தியது: முதன்மை அணிக்கு மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், கடைசி ஆட்டத்தின்போது 21 நிரம்பாமல், அதன்பின் மூன்று ஆண்டு கடந்திருந்து, உலகக் கிண்ண இறுதிச்சுற்றிலோ கண்டக் கிண்ண இறுதிச்சுற்றிலோ ஆடாமல் இருந்தால் மாறலாம். இந்த மூன்று ஆட்டங்களில் சிநேகபூர்வ ஆட்டங்களும் சேரும். முனீர் 2021 இல் மொரோக்கோவுக்கு ஆடினார். ஆனால் இந்த வழிக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: முதல் உத்தியோகபூர்வ ஆட்டத்தின்போதே புதிய நாட்டின் குடியுரிமை இருந்திருக்க வேண்டும். பதிவைத் தள்ளிப்போட்ட எங்கள் பொடியனுக்கு இந்த வழி கிடையாது. சுவிஸ் முதன்மை அணி அவனை உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் ஒரு நிமிடம் இறக்கினாலும் அவ்வளவுதான்.

முதன்மை அணிக்குச் சிநேகபூர்வ ஆட்டம் மட்டும் ஆடியவர் அதனால் கட்டுப்படுவதில்லை. டெக்லன் ரைஸ் 2018 இல் அயர்லாந்து முதன்மை அணிக்கு மூன்று சிநேகபூர்வ ஆட்டம் ஆடிவிட்டு அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குப் போனது இப்படித்தான்.

வதிவிட வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் ஆகஸ்டும் அம்மம்மா வீட்டில் வந்து நிற்பது வதிவிடம் ஆகாது. பத்து வயதுக்கு முன் குடியேறியவர் மூன்று ஆண்டு, அதற்குப் பின் குடியேறியவர் ஐந்து ஆண்டு அந்த மண்ணில் உண்மையாகவே வாழ்ந்திருக்க வேண்டும். பத்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் போனவர், தேசிய அணிக்கு ஆடுவதற்காகப் போகவில்லை என்றும் காட்ட வேண்டும். குடும்பத்தோடு கட்டாருக்குப் போய் ஐந்து ஆண்டு இருந்த எங்கள் பிள்ளைகளுக்கும் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாமல் அந்த ஆண்டுகளால் பயனில்லை.

மாற்றம் கேட்டு மனு கொடுத்தால் பிஃபா முடிவு சொல்லும்வரை எந்த நாட்டுக்கும் ஆட முடியாது. ஆகவே ஒரு தொடர் நெருங்கும்போது மனுப் போடுவதும் பிழை.

கடைசியாகக் கடதாசி. 2025 இல் மலேசியா ஏழு வெளிநாட்டில் பிறந்த ஆட்டக்காரர்களை இறக்கி வியட்நாமை 4-0 என்று வென்றது. அவர்களின் பாட்டன் பாட்டி மலேசியாவில் பிறந்ததாகச் சான்றிதழ் காட்டப்பட்டது. பிஃபா மூலப் பதிவுகளைத் தேடி எடுத்தபோது அந்தப் பாட்டன் பாட்டிமார் பிறந்தது ஆர்ஜென்டீனா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் என்று தெரிந்தது. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். பொய் சொல்லாத குடும்பமும் இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. சான்றிதழ் கேட்டால் வீட்டில் மடித்து வைத்த பிரதி போதாது, பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்த்த புதிய உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்க வேண்டும்.

பொடியனின் தாய் அடுத்த நாளே போய்த் தன் பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுத்துவந்தார். தமிழ்ப் பதிவில் பிறந்த இடம் சரியாக இருந்தது. ஆனால் சுவிஸ் கடதாசிகளில் அவருடைய தகப்பனின் பெயர் குடும்பப் பெயராக ஏறி, ஓர் எழுத்து கூடிக் கிடந்தது. பதிவில் இருக்கும் பெண்ணும் மகனின் பிறப்புச் சான்றிதழில் தாய் என்று எழுதப்பட்ட பெண்ணும் ஒருவர்தான் என்று காட்ட, அவருடைய பழைய இலங்கைக் கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ், சத்தியக்கடதாசி மூன்றையும் மொழிபெயர்ப்போடு சேர்த்து ஒரே கோப்பில் வைக்கச் சொன்னேன். பதிவு விண்ணப்பத்தை அவர்கள் பேர்னுக்குத் திரும்பும் முன்னே எழுதி முடித்தோம்.