சார்ஜரில் 1.3 வோல்ட் குறைப்பதும் அதில் செய்யும் தவறுகளும்

காசிமேட்டிலிருந்து டெலிவரி வேலைக்குப் போகும் ஒரு தம்பி, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி இரண்டு வருடத்துக்குள் பாதி தூரம்கூட ஓடவில்லை என்று என் கடைக்கு வந்தார். ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில்தான் பிளக்கைப் பிடுங்குவாராம். ஷீட் கூரை வீடு வேறு. "எப்பவும் ஃபுல்லா வச்சாதானண்ணா நல்லது?" என்றார். இன்வெர்ட்டரில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிக்கு அது சரி. லித்தியம் அயனுக்கு அப்படியே தலைகீழ்.

ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். அந்த உச்சியில்தான் கேத்தோடு எனும் பாசிட்டிவ் முனைப் பக்கம், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் சிதையும். கேத்தோடின் படிக அடுக்குகளும் சுருங்கி, நாளடைவில் விரிசல் விடும். சூடு சேர்ந்தால் எல்லாமே வேகம் எடுக்கும். 4.1 வோல்ட்டில் நிறுத்தினால் இந்தச் சேதம் வெகுவாகக் குறைகிறது. கொள்ளளவில் சுமார் 10 சதவீதம் போகும், சார்ஜ் சுழற்சிகள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு.

தம்பியின் பேட்டரியில் 13 செல் வரிசை. முழு சார்ஜ் 54.6 வோல்ட், செல்லுக்கு 4.1 என்றால் 53.3. பழையதற்குப் பதில் போடும் புதுப் பேட்டரி 60 கிலோமீட்டர் ஓடும், அவருக்குத் தேவை 40. குறைத்தாலும் 54 கிடைக்கும். அதனால் 53.3 வோல்ட்டுக்கு அமைத்த இன்னொரு சார்ஜர் கொடுத்தேன். பழைய சார்ஜரைத் திருகிக் குறைக்கலாம்தான், ஆனால் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் கெப்பாசிட்டர் நிற்கும். தெரியாதவர்கள் திறக்கக் கூடாது.

ஆசைப்பட்டு 52 வோல்ட் வரை இறக்குவது அடுத்த தவறு. கொள்ளளவில் கால் பங்கு போய்விடும். 45 கிலோமீட்டர்தான் மிஞ்சும், தினமும் பேட்டரி வற்றி வீடு சேர வேண்டியிருக்கும்.

அதிகம் பேர் மறப்பது பேலன்சிங். செல்களைச் சமப்படுத்தும் வேலையை நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான பிஎம்எஸ் போர்டுகள், அதாவது பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் போர்டுகள், 4.2 வோல்ட்டை நெருங்கும்போதுதான் தொடங்கும். 53.3இலேயே நிறுத்திக்கொண்டிருந்தால் அது நடக்கவே நடக்காது. ஒரு செல் மட்டும் மெல்லப் பின்தங்கும். மொத்த வோல்ட் நன்றாகக் காட்டும்போதே வண்டி திடீரென்று கட் ஆனால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். பழைய சார்ஜரைத் தூக்கிப் போடாமல், மாதம் ஒரு முறை அதில் முழுதாக ஏற்றி, பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஓரிரு மணி நேரம் விட்டு, உடனே வண்டியை எடுத்துவிடச் சொன்னேன்.

சார்ஜர் லேபிளையும் சரியாகப் படியுங்கள். 58.8 என்றிருந்தால் 14 செல் லித்தியம் அயன், 57.4க்கு இறக்கலாம். 58.4 என்றிருந்தால் அது பெரும்பாலும் 16 செல் எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வேறு வகை. அதன் செல் 3.65 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும், இந்த 4.1 கணக்கு அதற்குப் பொருந்தாது.