வளைந்த ஆணியும் பிளந்த பலகையும்

மார்த்தாண்டத்தில் எங்கள் பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் பலகையைக் கெடுக்கிறார்கள்: அடித்த ஆணியைத் திரும்பப் பிடுங்கும்போது. இருபது வருடம் முன்பு நான் கெடுத்ததும் அதே இடத்தில்தான். சுத்தியலைக் கையில் போட்டுக்கொள்வது போன்ற தவறுகளை வலியே திருத்திவிடும், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கட்டை வைக்காமல் ஒரே இழுப்பில் பிடுங்குவது

போன மாதம் நடந்தது. பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்தபோது வாங்கிய அயனிப் பலகை, ஒரு அங்குலக் கனம், நன்றாகக் காய்ந்தது. அதைச் சட்டத்தில் அறையும்போது பையன் அடித்த இரண்டரை அங்குல ஆணி பாதியில் வளைந்துவிட்டது. பலகையின் முனையிலிருந்து மூன்று விரல் தள்ளித்தான் ஆணி இருந்தது. சுத்தியலின் கவையை மாட்டி, முனைப்பக்கமாக ஒரே இழுப்பு இழுத்தான். ஆணி வரவில்லை. பலகை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. “மக்கா, நில்லு” என்று நான் சொல்வதற்குள் முடிந்துவிட்டது. அப்படி ஒரு பலகை மறுபடி கிடைக்குமா? இன்னும் என் மனசு ஆறவில்லை.

பிளந்ததற்குக் காரணம் பலம் அல்ல, திசை. கவையை மாட்டி இழுக்கும்போது சுத்தியல்தலை பலகையில் ஊன்றி உருளும். கவை நேராக மேலே போகாது, வில் போல வளைந்து கைப்பிடி போகும் பக்கமாகச் சாயும். ஆணியும் கூடவே சாய்ந்து துளையின் ஓரத்தை நெம்பும். கைப்பிடியில் கொடுக்கும் பலம் ஆணிக்கு ஏழெட்டு மடங்காகப் போய்ச் சேரும். நெம்புகிற பக்கம் மூன்று விரல் மரம்தான் இருந்தால், அது ரேகை வழியாகத் திறந்துவிடும். சுத்தியல் ஊன்றிய இடத்தில் குழி விழுவது தனி நஷ்டம்.

சரி, அந்த ஆணியை எப்படி எடுத்திருக்க வேண்டும்?

முதலில் ஆணியை நிமிர்த்த வேண்டும். வளைவுக்குக் கீழே ஆணியின் தண்டைக் கவையின் இடுக்கில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேல் பாதியைக் குறட்டால் மெல்ல நேராக்கலாம். கவை தாங்காமல் நிமிர்த்தினால் அந்த நெம்பலும் துளைக்குத்தான் போகும். முழுக்க நேராக வேண்டாம், தலை துளைக்கு நேர் மேலே வந்தால் போதும்.

அப்புறம் கட்டை. நிமிர்ந்த ஆணி ஒன்றேகால் அங்குலம் வெளியே நின்றால், முக்கால் அங்குலக் கனத்தில் உள்ளங்கை அகலமான துண்டு ஒன்றை ஆணியை ஒட்டி வைக்க வேண்டும். முனைப்பக்கம் வைக்கக் கூடாது, பலகையின் உடல் பக்கம், ரேகையோடு வைக்க வேண்டும். நிறைய மரம் இருக்கும் பக்கமாக இழுக்கத்தான் இது. கட்டைமேல் சுத்தியலை ஊன்றி ஆணித்தலைக்குக் கீழே கவையை மாட்டி இழுத்தால் ஊன்றும் இடம் உயர்ந்துவிடும், ஆணி கிட்டத்தட்ட நேராக வரும். பாரமும் கட்டை முழுக்கப் பரவும்.

அரை அங்குலம் வந்ததும் நிறுத்துங்கள். கைப்பிடி நிமிர்ந்து நின்ற நிலையைத் தாண்டிச் சாயத் தொடங்கினால், ஆணியும் சாயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இன்னும் கனமான கட்டையை மாற்றி வைத்து, கவையை மறுபடி மாட்டுங்கள். அந்த ஆணிக்கு மூன்று இழுப்பு போதும். துளை வட்டமாக இருந்தால் வேலை சரி. முட்டை வடிவில் நீண்டிருந்தால் கட்டை தள்ளி இருந்திருக்கிறது, அல்லது உயரம் போதவில்லை.

துருப்பிடித்த ஆணியை உடனே இழுப்பது

முதலில் தலையில் ஒரு தட்டு தட்டி, நூலளவு உள்ளே இறக்குங்கள். “டக்” என்று பிடி விட்ட சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு இழுத்தால் பாதி பலமே போதும். பழைய பலகையில் இதைச் செய்யாமல் இழுத்தால் தலை மட்டும் கழன்று வரும்.

துளையில் எண்ணெய் விடுவது

கறை போகாது, பாலிஷ் பிடிக்காது.

பின்பக்கம் பார்க்காமல் இழுப்பது

பின்னால் மடக்கி அடித்த ஆணி என்றால், மடங்கிய கூர்முனையை முதலில் நிமிர்த்தி, அங்கிருந்து தட்டித் தலையை எழுப்புங்கள்.

அதே துளையில் மறுபடி அறைவது

ஒரு விரல் தள்ளி, ஆணியைவிடச் சற்று மெல்லிய துளை போட்டுக்கொண்டு அறையுங்கள். பிளந்த அந்த அயனிப் பலகையைப் பசை வைத்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் இறுக்கினேன். முனைப்பக்கம் ஒரு சாண் தவிர மீதியை ஒரு அலமாரித் தட்டுக்கு அறுத்திருக்கிறேன். அதற்கு நாலு துளையையும் அந்தப் பையனே போட்டான்.