வரைபடப் பின் காட்டும் வீதி, வீட்டின் வீதி அல்ல

விலாசம் தேடும் நிரல் எழுதப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அகலாங்கையும் நெட்டாங்கையும் மாற்றிப் போடுவதுண்டு. வரைபடத்தைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும், அதை விடுவோம். நான் இன்றும் கோபப்படுவது வேறொன்றுக்கு. போன வாரமும் ஒரு தம்பி அதையே செய்தார்.

இயந்திரம் தந்த வீதிப் பெயரை விலாசமாகச் சேமிப்பது

வரைபடத்தில் குத்தும் பின் என்பது அகலாங்கு, நெட்டாங்கு என்ற இரண்டு எண்கள்தான். அந்தப் புள்ளிக்கென்று எங்கும் விலாசம் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் நொமினாட்டிம் என்ற தேடல் இயந்திரம், புள்ளிக்கு அருகில் பொருத்தமான ஒரு கட்டடத்தையோ வீதியையோ தேடிப் பிடித்து, அதன் விலாசத்தைத் தருகிறது. கட்டடத்தில் வீதிப் பெயர் பதியப்படாவிட்டால் பக்கத்து வீதியோடு இணைத்துவிடும். மதில், கேற், முட்டுச்சந்து எதுவும் அதன் கணக்கில் இல்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் ஒழுங்கைகள் அடுத்தடுத்து இறங்குகின்றன. ஒன்றின் வீடுகளின் பின்மதிலுக்கு அப்பால் அடுத்த ஒழுங்கை. நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு பார்சல் அங்கே போனது. அந்த வீட்டுக் கேற் இருந்த ஒழுங்கை கட்டடத்திலிருந்து 24 மீற்றர், பின்மதிலுக்கு அப்பால் உள்ள ஒழுங்கை 8 மீற்றர். வரைபடத்தில் வீட்டு இலக்கம் இருந்தது, வீதிப் பெயர் இல்லை:

```
addr:housenumber=14/3
```

`addr:street` இல்லாததால் பின்பக்க ஒழுங்கையின் பெயர் ஒட்டிக்கொண்டது. இலக்கம் சரி, வீதி பிழை. இலக்கமும் வந்துவிட்டதே என்று யாரும் சந்தேகப்படவில்லை. அந்த ஒழுங்கையிலும் ஒரு 14/3 இருந்தது. அங்கிருந்தவர் பார்சலை வாங்கி வைத்துவிட்டார். உரிய அம்மா இரண்டு நாள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் தட்டச்சு செய்த சரியான விலாசத்தின் மேல் எங்கள் நிரல் இதை எழுதி அழித்திருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே மூன்றையும் தனித்தனியாக வையுங்கள்: பின்னின் எண்கள், வாடிக்கையாளர் எழுதியது, இயந்திரம் தந்தது. கடைசியானதை "அருகில்" என்ற சொல்லோடு மட்டும் காட்டுங்கள். `format=jsonv2` பதிலில் `addresstype` என்பது `road` என்றிருந்தால் வீடு அகப்படவில்லை, வீதி மட்டுமே. வீடு அகப்பட்டாலும், பதிலில் உள்ள `osm_type`, `osm_id` இரண்டையும் கொண்டு அந்தப் பொருளைத் திறந்து `addr:street` இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வீதி ஊகம்தான். நேரில் தெரிந்த வீடென்றால் நீங்களே பதிந்துவிடலாம்.

பின்னை வீட்டுக் கூரையில் வைப்பது

கேற்றில் வைக்கச் சொல்லுங்கள்.

பழைய பெயரைப் பிழையென்று நினைப்பது

வரைபடம் ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்னும், ஓட்டோ அண்ணா டூப்ளிகேஷன் ரோட் என்பார். வீதி ஒன்றே. தேடலில் இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.