மணிக்கணக்கா, மொத்தத் தொகையா? இன்வாய்ஸ் தகராறு முளைக்கும் இடங்கள்

ஒரு நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றித் தரும் வேலையை மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டேன். 60 மணி நேரம் போதும் என்று கணித்திருந்தேன், 92 மணி நேரம் பிடித்தது. கடைசித் தவணையான 40 சதவீதமோ மூன்று மாதம் கைக்கு வரவில்லை. அதன் பிறகு நான் பின்பற்றும் முறையை, தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: எதைப் பற்றித் தகராறு வரும் என்று முன்பே பாருங்கள்

மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினால், "இந்த வேலைக்கு இத்தனை மணி நேரமா?" என்ற கேள்வி வரும். மொத்தத் தொகை என்றால், "இதுவும் சேர்த்துத்தானே பேசினோம்?" என்றோ, "வேலை இன்னும் முடியவில்லையே" என்றோ கேட்பார்கள். முன்னதற்கு நாள்வாரிப் பதிவுதான் பதில். பின்னதற்கு வேலை தொடங்கும் முன் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான் பதில். ஒன்றுக்கு உரிய ஆதாரம் மற்றொன்றுக்கு உதவாது. நான் 92 மணி நேரத்துக்கும் கணக்குக் காட்டினேன். மொத்தத் தொகை பேசிய வாடிக்கையாளருக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

படி 2: மொத்தத் தொகை என்றால், "முடிந்தது" என்பதை எழுதுங்கள்

நான் இடறிய இடம் இதுதான். என் ஒப்பந்தத்தில் "பழைய தரவைப் புதிய மென்பொருளுக்கு மாற்றித் தருதல்" என்று ஒரே வரி இருந்தது. ஒரே வாடிக்கையாளரின் பெயர் இரண்டு மூன்று முறை பதிவாகியிருந்தால் அவற்றை ஒன்றாக்குவதும் அந்த வரியில் அடக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள். இல்லை என்று நான் நினைத்தேன். இரண்டு பொருளுக்கும் அந்த வரி இடம் கொடுத்தது. கூடுதலாகப் போன 32 மணி நேரத்தில் பெரும்பகுதி இந்த ஒன்றாக்கும் வேலைதான்.

இப்போது அதே வேலைக்கு இப்படி எழுதுவேன்: "ஒப்படைக்கும் கோப்பில் உள்ள எல்லா வரிகளும் புதிய மென்பொருளில் ஏறியிருக்க வேண்டும், இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் 50 வரிகள் மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும். இரட்டைப் பதிவுகளை நீக்குவது இதில் சேராது." சேராதவற்றைச் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு, சேர்ந்தவற்றின் பட்டியலைவிட மதிப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

அடுத்து ஏற்புக் காலம். "முடிந்ததாக எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் குறைகளைப் பட்டியலிட்டுத் தராவிட்டால், வேலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்" என்ற விதி இருந்தால், பதிலே சொல்லாமல் தவணையை நிறுத்திவைக்க முடியாது. தொலைபேசியில் மட்டும் சொல்லியிருந்தால் இந்த விதி உங்களுக்குக் கைகொடுக்காது. அந்த 10 நாட்கள் எப்போது தொடங்கின என்பதற்கு மின்னஞ்சல் வேண்டும்.

படி 3: மணிக்கணக்கு என்றால், வரிகளைப் பிரியுங்கள்

"ஆலோசனை: 38 மணி" என்ற ஒற்றை வரி சண்டையை வரவழைக்கும். தேதி, செய்த வேலை, கேட்டவர், நிமிடங்கள் என நான்கு பத்திகள் கொண்ட விரிதாளை அன்றன்றே நிரப்பி, வாரம் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். நேரத்தைத் தானாக அளக்கும் செயலிகளை நான் விரும்புவதில்லை. நிறுத்த மறந்த ஒரு மாலைப்பொழுது கணக்கில் ஏறினால், மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் விழும்.

எந்த அலகுக்கு முழுமையாக்குவீர்கள் என்பதையும் முதலிலேயே எழுதுங்கள். தலா 4 நிமிடம் நீளும் 10 தொலைபேசி அழைப்புகள் உண்மையில் 40 நிமிடம்தான். ஒவ்வொன்றையும் 15 நிமிடமாக்கினால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடுகிறது. 6 நிமிடமாக்கினால் ஒரு மணி நேரம். நான் 6 நிமிடத்தையே பின்பற்றுகிறேன்.

பயணம், மென்பொருள் உரிமம் போன்ற செலவுகளை ரசீதோடு தனியாகக் காட்டுங்கள். மொத்த மணிகளுக்கு உச்சவரம்பு வைத்து, அதில் முக்கால் பங்கு கரைந்ததும் மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி அனுப்புங்கள். வரம்பைத் தாண்டிய பின் சொன்னால், அந்த மணிகளுக்குப் பணம் கேட்பது கடினம்.

படி 4: தெரியாத பகுதியைப் பிரித்தெடுங்கள்

தரவின் நிலை தெரியாமல் மொத்தத் தொகை சொன்னதுதான் என் மூலத் தவறு. இப்போது முதல் 8 மணி நேரத்தை, உச்சவரம்போடு, மணிக்கணக்கில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். கோப்பைத் திறந்து இரட்டைப் பதிவுகளை எண்ணிப் பார்த்த பிறகே மொத்தத் தொகை சொல்கிறேன். இடையில் புதிய கோரிக்கை வந்தால், அதற்குரிய தொகையையும் கூடுதல் நாட்களையும் எழுதி, ஒப்புதல் வந்த பிறகே தொடங்குகிறேன்.

பின்சேர்க்கை: ஒரு வரியை மட்டும் மறுத்து, முழு இன்வாய்ஸையும் நிறுத்திவிடுகிறார்கள் என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். "மறுப்பில்லாத தொகையை உரிய நாளில் செலுத்த வேண்டும், மறுப்பை இன்வாய்ஸ் கிடைத்த 10 நாட்களுக்குள் காரணத்தோடு எழுத வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால், மறுத்த வரியைத் தனி இன்வாய்ஸாகப் பிரித்து, மீதிக்குத் திருத்திய இன்வாய்ஸ் அனுப்பலாம். அப்படிப் பிரிக்கும்போது, மறுத்த தொகையை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை அந்த மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.