பச்சை மஞ்சளிலிருந்து காய்ந்த மஞ்சளின் கிலோ விலையைக் கணக்கிடுவது

ஈரோட்டுப் பக்கம் பச்சை மஞ்சள் வாங்கி வேகவைத்து விற்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது கணக்கில்தான். கிலோ 20 ரூபாய்க்கு வாங்கினால், காய்ந்த மஞ்சள் கிலோ என்ன விலைக்கு நமக்கு நிற்கும்? கீழே உள்ள விலையும் கூலியும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி, எடை. 1000 கிலோ பச்சை மஞ்சள் வாங்குகிறோம், 20,000 ரூபாய். மண்ணும் வேரும் போனதும் 950 கிலோ நிற்கிறது என்று வைப்போம். வாங்கியது 1000 கிலோவுக்கு. அந்த 50 கிலோவுக்கும் பணம் கொடுத்தாயிற்று.

அடுத்தது வேகவைப்பு. பலர் நினைப்பதுபோல் பெரிய எடை இழப்பு இங்கே இல்லை, காய்வதில்தான். ஆனால் வேக்காடு பிசகினால் பின்னால் எல்லாம் கெடும். நுரை பொங்கி, மஞ்சள் மணம் தூக்கும்போது ஒரு கிழங்கை எடுத்துக் குச்சியால் குத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் பதம். அதற்கு மேல் விட்டால் நிறம் மங்கும். விரலியையும் குண்டு மஞ்சளையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது.

களத்தில் 10 முதல் 15 நாள் வெயில். நன்றாகக் காய்ந்த விரலி ஒடிக்கும்போது கணீரென்று உடையும். நம் 950 கிலோவில் நீர் போக மிஞ்சும் சத்து 190 கிலோ என்றால், 10 சதவீத ஈரத்தில் எடை 211 கிலோ (190 ÷ 0.90). 15 சதவீத ஈரத்தில் நிறுத்தினால் 223.5 கிலோ காட்டும். என் முதல் வருடத்தில் அந்த 12 கிலோ தண்ணீரை லாபம் என்று எண்ணினேன். மூட்டையில் பூஞ்சை பிடித்து, வியாபாரி விலையைக் குறைத்த பிறகுதான் புரிந்தது.

பிறகு பாலிஷ். மேல்தோலும் வேர்த்துணுக்கும் உதிர்ந்து 11 கிலோ போனால் 200 கிலோ கையில்.

சரி, செலவு. வேகவைப்பு, களக்கூலி, பாலிஷ், வண்டி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் என்றால் மொத்தம் 24,000.

```
கிலோ அடக்கவிலை = மொத்தச் செலவு ÷ பாலிஷ் ஆன எடை
24000 ÷ 200 = 120 ரூபாய்
```

ஏலத்தில் குவிண்டால் கணக்கில் விலை பேசுவார்கள், அதாவது நமக்கு 12,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் லாபம்.

அதே சரக்கில் 200-க்குப் பதில் 180 கிலோதான் தேறினால்? 24000 ÷ 180, கிலோ 133 ரூபாய். பச்சை எடையில் வெறும் 2 சதவீத வித்தியாசம், குவிண்டாலுக்கு 1,300 ரூபாய்க்கு மேல் அடி. அதனால் லோடு பேசும் முன் 10 கிலோ வாங்கி, நீங்களே வேகவைத்துக் காயவைத்து எடை போட்டுப் பாருங்கள்.