தோட்டக் குத்தகைப் பத்திரத்தில் எட்செட்ரா எழுதலாமா?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டம் குத்தகைக்கு விடும்போது எழுதும் பத்திரங்கள் பெரும்பாலும் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதியவையாகவே இருக்கும். பெயர், சர்வே எண், தொகை, காலம் ஆகியவை மட்டும் மாறும். மற்ற வரிகள் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றோடு etc., i.e., e.g. என்ற மூன்று சுருக்கங்களும் வந்துவிடும். கடிதத்தில் இவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. பத்திரத்தில் மட்டும், எதை எடுக்கலாம், எதைச் செய்தாக வேண்டும் என்று சொல்லும் வரிகளில் இவை நுழைந்தால் பணம் போகும் வழி திறந்துவிடும்.

ஒரு தோட்டத்தை வைத்துப் பார்ப்போம். நாலு ஏக்கர், அராபிக்கா காபி. நிழலுக்கு சில்வர் ஓக். அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. இடையில் மலைவாழை, ஓரத்தில் ஐந்தாறு பட்டர் ஃப்ரூட் மரம். மூன்று வருடக் குத்தகை. ஒரு வருடத்துக்கு மேல் போவதால் பத்திரம் பதிவாக வேண்டும்; 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பிரிவு 17 அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பத்திரத்தில் ஒரு வரி:

"குத்தகைதாரர் காபி, மிளகு, வாழை எட்செட்ரா எடுத்துக்கொள்ள உரிமை உண்டு."

எழுதும்போது இரு தரப்பும் தலையாட்டிவிடும். சிக்கல் இரண்டாவது வருடம் மர வியாபாரி தோட்டத்துக்கு வரும்போது வரும். சில்வர் ஓக்கில் முற்றிய மரங்களை வெட்டி விற்கலாம் என்கிறார் குத்தகைதாரர். 'எட்செட்ரா என்றால் தோட்டத்தில் உள்ளது எல்லாம்தானே' என்பது அவர் வாதம். உரிமையாளருக்கோ, மரம் போனால் நிழலும் போகும், அதில் ஏறிய மிளகுக் கொடியும் போகும். புது மரம் நட்டு, அதில் கொடி ஏற்றி, காய்ப்புக்குக் கொண்டுவரப் பல வருடம் ஆகும். குத்தகை அதற்குள் முடிந்திருக்கும்.

இந்த வரியை ஒரு நீதிபதி எப்படிப் படிப்பார்? பட்டியலுக்குப் பின்னால் பொதுச்சொல் ஒன்று வந்தால், அந்தப் பொதுச்சொல்லுக்குள் பட்டியலில் உள்ளவற்றின் இனத்தைச் சேர்ந்தவை மட்டுமே அடங்கும் என்பது நீண்ட காலமாக நீதிமன்றங்கள் பின்பற்றும் விதி. காபி, மிளகு, வாழை மூன்றும் திரும்பத் திரும்ப அறுவடை செய்யும் மகசூல். ஆகவே பட்டர் ஃப்ரூட் பழம் எட்செட்ராவுக்குள் வந்துவிடும் என்று வாதிடலாம். வெட்டினால் மீண்டும் கிடைக்காத மரம் அந்த இனத்தில் சேராது. போதாததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது குத்தகைதாரர் மரத்தை வெட்டவோ விற்கவோ கூடாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 108 சொல்கிறது. விவசாயக் குத்தகைக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், அதன் கொள்கையை வைத்து வாதிடலாம். உரிமையாளர் பக்கம் பலமாகத்தான் தெரியும்.

இப்போது அதே பட்டியலில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள்: "காபி, மிளகு, வாழை, விறகு எட்செட்ரா." நிழல் சீவும்போது விழும் கிளைகளை நினைத்துத்தான் 'விறகு' என்று போட்டிருப்பார்கள். ஆனால் பட்டியலின் இனம் அந்த ஒரு சொல்லில் கலைந்துவிட்டது. பழமும் இருக்கிறது, மரத்தின் பாகமும் இருக்கிறது. இவற்றுக்குப் பொதுவான இனம் எது? இனமே புலப்படாத பட்டியலுக்கு அந்த விதி உதவுவது கடினம். குத்தகைதாரரின் வாதத்துக்கு இப்போது பிடிமானம் கிடைத்துவிட்டது. பிரிவு 108 சொல்லும் 'வேறு ஒப்பந்தம்' இதுதான் என்று அவர் சொல்லுவார். எட்செட்ராவின் ஆபத்து இதில்தான் இருக்கிறது. அதன் எல்லையை அதற்கு முன்னால் நிற்கும் சொற்கள் தீர்மானிக்கின்றன. அந்தச் சொற்களைச் சேர்த்தவர் எல்லையைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டார்.

வெட்டிவிடலாம் என்று ஒருவர் துணிந்தாலும் அத்தோடு முடியாது. தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955-இலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. அந்த அனுமதிக்கு யார் மனுப் போட வேண்டும், மறுத்துவிட்டால் நட்டம் யாருக்கு என்பதையெல்லாம் எட்செட்ரா சொல்லாது.

'நாங்கள் பேசியது வேறு' என்று பிறகு சொல்லிப் பயனில்லை. எழுத்தில் முடிந்த ஒப்பந்தத்தின் வாசகத்தை மாற்றவோ அதோடு கூட்டவோ வாய்ப்பேச்சைச் சாட்சியாகக் கொண்டுவருவதைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 92 அது. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 95. அதற்கு விலக்குகள் உண்டு. ஆனால் விலக்கை நம்பிப் பத்திரம் எழுதுவது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

அந்த வரியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"குத்தகைக் காலத்தில் விளையும் காபி, மிளகு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட் ஆகியவற்றையும், ஆண்டுதோறும் பறித்து எடுக்கும் பிற காய், பழங்களையும் குத்தகைதாரர் எடுத்துக்கொள்ளலாம். நிழல் சீவும்போது விழும் கிளைகளை விறகாக எடுத்துக்கொள்ளலாம். சில்வர் ஓக் உட்பட எந்த மரத்தையும் வெட்டவோ விற்கவோ கூடாது."

இதிலும் பட்டியல் திறந்துதான் இருக்கிறது. தோட்டத்தில் என்னென்ன காய்க்கும் என்று முழுதாக எழுத முடியாது என்பது உண்மை. ஆனால் எந்த இனம் வரை திறந்திருக்கிறது என்பது வாசகத்திலேயே இருக்கிறது. 'விறகு' எங்கிருந்து வரும் என்பதும் இருக்கிறது. எட்செட்ரா போட்ட இடத்தில் அந்த இனத்தின் பெயரை எழுத வராவிட்டால், இரு தரப்பும் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று பொருள். அப்போது பேனாவை வைத்துவிட்டுப் பேச வேண்டும்.

தமிழில் எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். 'முதலியன', 'மற்றும் பல', 'இதர' எல்லாவற்றுக்கும் இதே குறைதான்.

அடுத்தது ஐ.ஈ., ஈ.ஜி. குழப்பம். எட்செட்ராவைக் கண்ணால் பார்த்துச் சந்தேகப்படலாம். இவை இரண்டும் சாதுவாகத் தெரியும். முதலாவது 'அதாவது', அதன் பின்னால் வருவது முன்னால் சொன்னதன் முழு விளக்கம். இரண்டாவது 'உதாரணமாக', அதன் பின்னால் வருவது சில மாதிரிகள் மட்டும். அதே தோட்டத்தில் இப்படி ஒரு வரி:

"குத்தகைதாரர் பராமரிப்புப் பணிகளை, ஐ.ஈ. களையெடுத்தல், நிழல் சீவுதல், உரமிடுதல், தன் செலவில் செய்ய வேண்டும்."

எழுதியவர் மனதில் இருந்தது 'உதாரணமாக'. பத்திரத்தில் இருப்பது 'அதாவது'. ஆகவே பராமரிப்பு என்றால் அந்த மூன்று வேலை மட்டும். அராபிக்காவின் பெரும் பகையான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் இந்தப் பட்டியலில் இல்லை. அதன் வண்டுகள் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறந்து முட்டையிடும். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், செடி செடியாகப் பார்த்து, தண்டில் மேடு தட்டியிருப்பதையும் இலை மஞ்சளாகி வாடியிருப்பதையும் கண்டுபிடித்து, அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். ஆள்கூலி பிடிக்கிற வேலை. 'என் பத்திரத்தில் அது இல்லை' என்று குத்தகைதாரர் விட்டுவிட்டால், துளைப்பான் அடுத்த செடிகளுக்குப் பரவும். மூன்றாம் வருடம் தோட்டத்தைத் திரும்ப வாங்கும் உரிமையாளர் எண்ணிப் பார்ப்பது செத்த செடிகளைத்தான்.

சரி, ஈ.ஜி. என்று திருத்தினால் போதுமா? போதாது. இப்போது பட்டியல் திறந்துவிட்டது. குத்தகைதாரருக்குப் பயம் வரும். வேலி அடைப்பது பராமரிப்பா? பட்டுப்போன செடிக்குப் பதில் நாற்று நடுவது பராமரிப்பா? உலர்களம் பூசுவது? ஒவ்வொன்றும் ஒரு சண்டை. மயக்கமான வரியை, அதை எழுதித் தந்தவருக்கு எதிராகப் பொருள்கொள்ளும் வழக்கமும் நீதிமன்றங்களில் உண்டு. ஆகவே பத்திரத்தைத் தயாரித்துக் கொடுத்த உரிமையாளருக்கு இந்தத் திறப்பால் லாபம் என்றும் சொல்ல முடியாது. சிலர் இரண்டையும் சேர்த்து, 'ஈ.ஜி. களையெடுத்தல், உரமிடுதல் எட்செட்ரா' என்று எழுதுகிறார்கள். உதாரணம் என்று சொல்லிவிட்ட பிறகு அந்த எட்செட்ராவுக்கு வேலையே இல்லை. வேலையில்லாத சொல் பத்திரத்தில் இருந்தால், அதற்கு ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று யாராவது வாதிடுவார்கள்.

கடமையைச் சொல்லும் வரியில் உதாரணமே வேண்டாம் என்பது என் முடிவு. "பராமரிப்புப் பணிகள் என்பவை இவை மட்டும்" என்று தொடங்கி, களையெடுத்தல், நிழல் சீவுதல், காபிக் கவாத்து, உரமிடுதல், மார்ச்சிலும் செப்டம்பரிலும் துளைப்பான் தாக்கிய செடிகளைப் பார்த்துப் பிடுங்கி எரித்தல் என்று எழுதிவிடலாம். பிடுங்கிய இடத்தில் நாற்று யார் செலவில் என்பது தனி வரி. பட்டியல் மூடியிருக்க வேண்டுமானால் 'என்பவை இவை மட்டும்' என்ற சொற்கள் வேண்டும். திறந்திருக்க வேண்டுமானால் 'உள்ளடங்கும்' என்று எழுதி, வேறு எந்த இனம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த மூன்று சுருக்கங்களையும் எங்கும் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்திரத்தோடு வைக்கும் கடிதத்தில், தோட்டத்தின் நிலையை விவரிக்கும் குறிப்பில், யாருடைய உரிமையும் கடமையும் தொங்காத இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். விலை, பங்கு, அபராதம், ஒப்படைப்பு, ரத்து ஆகியவற்றைச் சொல்லும் வரிகளில் மட்டும் முழுச் சொல்லாக எழுத வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மலையில் பல பேர் பத்திரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறார்கள். 'ஐ.ஈ.' என்று வாசித்துக் காட்டினால் கேட்பவருக்கு அது ஒன்றுமில்லை. 'அவை மட்டும்' என்று வாசித்தால், 'துளைப்பான் வேலை யாரு பாக்குறது?' என்று அங்கேயே கேட்பார்.

ஏற்கெனவே பதிவாகிவிட்ட பத்திரத்தில் இந்த வரிகள் இருந்தால், சண்டை வரும் முன்பே இருவரும் சேர்ந்து ஒரு பிழைத்திருத்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். பழைய வாசகத்தை அப்படியே எடுத்து எழுதி, அதற்குக் கீழே புது வாசகத்தைக் கொடுத்து, மற்ற நிபந்தனைகள் மாறவில்லை என்று சேர்க்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்பதால், பழம் பறிக்கத் தொடங்கும் முன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் காலத்திலேயே இதைச் செய்து முடிப்பது எளிது.