கோபைலட் மாதக் கோட்டா: 300 ரிக்வெஸ்ட் எப்படிக் கரைகிறது, கரைந்த பின் என்ன செய்வது

கோடிங் உதவிக் கருவிகளில் பல இப்போது மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பதிவில் அலசினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் கிட்ஹப் கோபைலட்டின் 10 டாலர் ப்ரோ திட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கட்டணத் திட்டங்களில், மாடலிடம் கேட்பதை மாத அளவு வைத்து எண்ணும் பிரீமியம் ரிக்வெஸ்ட் கணக்கு 2025 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. கீழே உள்ள எண்களும் விதிகளும் 2025 கடைசி நிலவரம், இப்போது மாறியிருக்கலாம். மாடல்களின் விலை அடிக்கடி மாறும், ஆனால் கணக்குப் போடும் விதத்தைப் பிடித்துக்கொண்டால் புது எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: எது எண்ணப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ப்ரோ திட்டத்தில் மாதம் 300 பிரீமியம் ரிக்வெஸ்ட். நீங்கள் டைப் செய்யும்போது சாம்பல் நிறத்தில் தானாக வந்து நிற்கிற வரிகள் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு வரம்பே இல்லை. சாட் பெட்டியில் நீங்கள் எழுதி அனுப்பும் ஒவ்வொரு பிராம்ப்ட்டும் அதன் மாடலுக்குரிய விலையில் எண்ணப்படும்.

ஏஜென்ட் மோடில் புதிதாக வருபவர்கள் பயப்படுவது இங்கேதான். ஒரு பிராம்ப்ட் கொடுத்தால் அது பத்து ஃபைலைத் திறக்கும், டெஸ்ட் ஓட்டும், தப்பாகப் போனால் திருத்தி மறுபடி ஓட்டும். இவ்வளவும் சேர்ந்து ஒரே ரிக்வெஸ்ட்தான். அது தானாகச் செய்யும் வேலைக்குத் தனிக் கணக்கு இல்லை. ஆனால் நடுவில் நீங்கள் “சரி, மேலே செய்” என்று இரண்டு சொல் தட்டி அனுப்பினால், அது புது பிராம்ப்ட். நாற்பது வரி எழுதியிருந்தாலும் இரண்டு சொல் எழுதியிருந்தாலும் ஒரே விலை. ஆகவே ஏஜென்ட்டிடம் வேலை கொடுக்கும்போது எந்த ஃபைல், என்ன நிபந்தனை, எந்த டெஸ்ட் ஓட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதிவிடுவது லாபம். துண்டு துண்டாகக் கேட்பவர்களுக்குத்தான் கோட்டா சீக்கிரம் தீர்கிறது.

படி 2: மாடல் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள்

விஎஸ் கோடில் சாட் பெட்டிக்குக் கீழே மாடல் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே `0x`, `0.33x`, `1x`, `3x` என்று இருக்கும். அது பெருக்கி. `Claude Sonnet 4.5` என்றால் 1, `Claude Haiku 4.5` என்றால் 0.33, `Claude Opus 4.5` என்றால் 3. `GPT-4.1`, `GPT-5 mini` இரண்டுக்கும் பூஜ்யம், அதாவது திட்டத்திலேயே அடங்கியவை. `Auto` என்று விட்டால் மாடலைக் கருவியே தேர்ந்தெடுக்கும், அதற்கு 10% தள்ளுபடியும் உண்டு. ஒன்று என்பது 0.9 ஆகும்.

சரி, ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அன்றாட வேலைக்கு சானெட்டில் 150 பிராம்ப்ட், சிக்கலான பிழைகளுக்கு ஓபஸில் 40, சில்லறைக் கேள்விகளுக்கு ஹைக்குவில் 90.

```
150 × 1    = 150
 40 × 3    = 120
 90 × 0.33 = 29.7
```

மொத்தம் 299.7. கோட்டா முடிந்தது. கவனியுங்கள், ஓபஸில் கேட்டது வெறும் 40 கேள்வி, ஆனால் ஐந்தில் இரண்டு பங்கை அதுவே தின்றுவிட்டது. ஹைக்குவில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டும் பத்தில் ஒரு பங்குதான். ஒரு கடினமான கேள்விக்காக ஓபஸுக்கு மாற்றிவிட்டு, திரும்ப மாற்ற மறந்து, கமிட் மெசேஜ் எழுதச் சொல்வது வரை அதிலேயே கேட்பதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து.

படி 3: எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்

விஎஸ் கோடின் கீழ்ப் பட்டையில் உள்ள கோபைலட் ஐகானைத் தட்டினால் எத்தனை சதவீதம் தீர்ந்தது என்று காட்டும். தேதியோடு சேர்த்துப் பாருங்கள். 10ஆம் தேதி 60% என்றால், பெரிய மாடலை எதற்கெல்லாம் எடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டிய நேரம்.

படி 4: கோட்டா முடிந்ததும் நடப்பது

டேட்டா பேக் தீர்ந்தபின் நெட் முழுசாக நிற்காமல் வேகம் மட்டும் குறைவது போலத்தான் இதுவும். சாட் வேலை செய்யும், ஆனால் பிரீமியம் மாடல் கிடைக்காது. கருவி உங்களை `GPT-4.1` போன்ற அடங்கிய மாடலுக்கு மாற்றிவிடும். ஒரு சிறு அறிவிப்பு வரும். வேலை மும்முரத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. அப்புறம் “மதியம் வரை நன்றாகத்தானே எழுதிக்கொண்டிருந்தது?” என்று புலம்புவார்கள். பதில் வந்ததும் அதன் அடியில் மாடல் பெயரும் பெருக்கியும் இருக்கும். அங்கே `0x` என்றிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

புல் ரிக்வெஸ்ட்டைக் கோபைலட்டே ரிவ்யூ செய்வதும், கிட்ஹப் தளத்தில் இஷ்யூவை ஏஜென்ட்டிடம் ஒப்படைப்பதும் அடங்கிய மாடலுக்கு இறங்காது. அவை நின்றே போகும். இலவசத் திட்டக்காரர்களுக்கு நிலைமை இன்னும் கறார்: மாதம் 50தான், எந்த மாடலில் கேட்டாலும் சாட்டில் அது கழியும்.

படி 5: காசு கட்டித் தொடர வேண்டுமா?

முன்கூட்டியே பட்ஜெட் வைக்காவிட்டால் கூடுதல் பில் வராது. பட்ஜெட் பூஜ்யம் என்றால் கோட்டா தாண்டிய பிரீமியம் ரிக்வெஸ்ட்டுகள் மறுக்கப்படும், அவ்வளவுதான். தொடர வேண்டுமானால் கிட்ஹப் செட்டிங்ஸில் `Billing and licensing` பகுதிக்குள் `Budgets and alerts` போய், பிரீமியம் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு பட்ஜெட் உருவாக்குங்கள். தொகை எட்டியதும் பயன்பாட்டை நிறுத்தும் தேர்வு அங்கே இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டால் பட்ஜெட் எச்சரிக்கை மட்டும் தரும், தடுக்காது. கணக்கு நிறுவனம் கொடுத்தது என்றால் இதெல்லாம் அட்மின் கையில், அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கூடுதல் ரிக்வெஸ்ட் ஒன்று 0.04 டாலர். பெருக்கி இங்கேயும் உண்டு. மாதக் கடைசிக்கு இன்னும் 60 பிராம்ப்ட் தேவை என்றால், சானெட்டில் 2.40 டாலர், ஓபஸில் 7.20 டாலர்.

அதற்குப் பதில் 39 டாலர் ப்ரோ பிளஸ் வாங்கலாமா? அதில் 1500 ரிக்வெஸ்ட். விலை வித்தியாசம் 29 டாலர், அதை 0.04 ஆல் வகுத்தால் 725. அதாவது ப்ரோவிலேயே இருந்துகொண்டு மாதம் 1025 ரிக்வெஸ்ட் வரை செலவழித்தாலும் 39 டாலரைத் தாண்டாது. ஒரு மாதம் 400, ஒரு மாதம் 350 என்று போகிறவர் ப்ரோ பிளஸ் வாங்குவது வீண் செலவு என்பேன்.

காத்திருக்க முடியும் என்றால், மாதத்தின் 1ஆம் தேதி யுடிசி நள்ளிரவில் கணக்கு புதிதாகத் தொடங்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது காலை 5.30. போன மாதம் மிச்சம் வைத்தது சேராது, ஆகவே 28ஆம் தேதி 100 கையில் இருந்தால் தள்ளிப்போட்ட அந்தப் பெரிய ரீஃபாக்டரை அப்போதே ஓபஸிடம் கொடுத்துவிடலாம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 20% மிச்சம் இருக்கும்போதே “ரேட் லிமிட்” என்று செய்தி வந்தால் அது கோட்டா தீர்ந்ததல்ல. குறுகிய நேரத்தில் அதிகம் கேட்டதற்கான தற்காலிகத் தடை அது, பூஜ்யப் பெருக்கி மாடல்களுக்கும் வரும். பட்ஜெட்டை ஏற்றினால் அது நீங்காது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அனுப்புங்கள், அல்லது வேறு மாடலுக்கு மாறுங்கள்.